குலுக்கல் அரங்கில் இருப்பவர்களுக்கு மட்டும்: சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். ஆண்டு விழாவின் முடிவில் நடந்த பரிசுக் குலுக்கலைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். வராதவர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டதையும், மூன்றாம் பரிசு வாங்கியவரே ஐந்தாம் பரிசுக்கும் மேடையேறியபோது எழுந்த சலசலப்பையும் மேடையிலிருந்து நீங்களும் பார்த்தீர்கள். அந்த உறுப்பினர் மேல் எனக்கு வருத்தமில்லை. கூப்பிட்டீர்கள், வந்தார். அவர் பெயர் எப்படி மறுபடி வந்தது என்பதுதான் என் கேள்வி.

கேட்பது இவ்வளவுதான். குலுக்கும் நேரத்தில் அரங்கில் இருப்பவர்களின் சீட்டுகள் மட்டும் பெட்டியில் இருக்கட்டும். ஒருமுறை பரிசு பெற்றவரின் பெயர் அன்றைக்கு இன்னொரு முறை வராமல் இருக்கட்டும்.

பதிவு மேசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த பெண்மணியை நினைத்துப் பாருங்கள். வந்தவர்களின் பெயரைப் பட்டியலில் தேடி, டிக் போட்டு, அடையாள அட்டை கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லோரும் உள்ளே போன பிறகும் தாமதமாக வருபவர்களுக்காக வாசலிலேயே இருந்தார். குலுக்கல் சீட்டுகளை முன்பதிவுப் பட்டியலிலிருந்து முதல் நாளே அச்சிட்டுவிட்டீர்கள். தொண்டர்கள் முன்பதிவு செய்வதில்லை. அதனால் பெட்டியில் அவருக்குச் சீட்டே இல்லை. பதிவு செய்துவிட்டு வராமல் இருந்த ஒருவருக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. நான்கு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, “அவருக்கு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்” என்று மேடையில் சொன்னீர்கள். அந்தப் பரிசுப் பொட்டலத்தின் மேல் வராதவரின் பெயரை எழுதி ஒட்டி எடுத்து வைத்ததும் அதே பெண்மணிதான். அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இதற்கு அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல முடியாது. பட்டியலில் 200 பெயர், குலுக்கும்போது அரங்கில் 120 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் சீட்டுகளில் நூற்றுக்கு நாற்பது, இல்லாதவர்களுடையதாகத்தான் இருக்கும். ஐந்து பரிசைக் கையில் கொடுத்து முடிக்கச் சராசரியாக எட்டு பெயரையாவது வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் கூப்பிட்டு, தேடி, காத்திருந்து, அடுத்த சீட்டுக்குப் போவதற்குள் மிச்சமிருப்பவர்களும் எழுந்து போகத் தொடங்குகிறார்கள்.

மறுபடி வந்த பெயருக்கு இரண்டு காரணம். எடுத்த சீட்டை மடித்துத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டீர்கள். 120 பேருக்கும் ஆளுக்கு ஒரே சீட்டு என்றாலும், இப்படித் திரும்பப் போட்டு ஐந்து தடவை எடுத்தால், யாராவது ஒருவர் இரண்டு தடவை வர நூற்றுக்கு எட்டு வாய்ப்பு உண்டு. இன்னொரு காரணம், அந்த உறுப்பினர் இணையத்தில் இரண்டு தடவை முன்பதிவு செய்திருந்தார். அவருக்கு இரண்டு சீட்டு. முதல் சீட்டைக் கிழித்துப் போட்டிருந்தாலும் இரண்டாவது உள்ளேயே கிடந்திருக்கும். ஆகவே எடுத்த சீட்டை வெளியே வைப்பது மட்டும் போதாது. ஆளுக்கு ஒரு சீட்டு என்பதை முதலிலேயே உறுதி செய்ய வேண்டும்.

காலை வருகைப் பதிவை வைத்துச் சீட்டு போட்டால் போதுமே என்று உங்களில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். போதாது. காலையில் டிக் வாங்கியவர்களில் பலர் மதியமே கிளம்பிவிடுகிறார்கள்.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரே எண் இரண்டு பக்கமும் அச்சிட்ட, கிழித்துக் கொடுக்கும் டோக்கன் புத்தகம் ஒன்று போதும். கடைசி நிகழ்ச்சி நடக்கும்போது இரண்டு பேர் வரிசை வரிசையாக வந்து, நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு பாதியைக் கொடுத்து மறுபாதியைப் பெட்டியில் போடட்டும். கையோடு அடையாள அட்டையின் மூலையில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் ஒருவரே இரண்டு டோக்கன் வாங்க முடியாது. வாசல், மேடைப் பின்புறம், ஒலிபெருக்கி என்று வேலையாக இருக்கும் தொண்டர்களைத் தேடிப்போய்க் கொடுங்கள். அவர்களும் வந்தவர்கள்தான். பிறகு பெட்டியை நன்றாகக் கலக்குங்கள். 1969 டிசம்பரில் அமெரிக்காவில் ராணுவத்துக்கு ஆள் எடுக்கப் பிறந்த தேதிகளைக் குலுக்கியபோது சரியாகக் கலக்காததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களின் தேதிகள் அதிகமாக முன்னால் வந்துவிட்டன. எடுத்த டோக்கன் மேசையிலேயே இருக்கட்டும். எண்ணைக் கூப்பிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். யாரும் வரவில்லையென்றால் அடுத்த எண். இந்த ஒரு நிமிட விதியைக் குலுக்கலுக்கு முன்பே அறிவித்துவிட்டால் பிறகு தகராறு வராது.

கணினியில், எக்செல் போன்ற விரிதாளில்தான் செய்வோம் என்றால் அதுவும் சரி. அந்த நேரத்தில் அரங்கில் இருப்பவர்களை மட்டும், தொண்டர்களையும் சேர்த்து, பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் எண்ணைப் பார்த்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். பக்கத்துக் கட்டத்தில் `=RAND()` போட்டு, கடைசிப் பெயர் வரை இழுத்துவிடுங்கள். அந்த எண்களை நகலெடுத்து, சூத்திரமாக இல்லாமல் வெறும் மதிப்பாக அதே இடத்தில் ஒட்டி, அதன்படி வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும் ஐந்து பேர் வெற்றியாளர்கள், ஆறாமவர் முதல் காத்திருப்போர். ஆளுக்கு ஒரே வரி என்பதால் ஒருவர் இரண்டு தடவை வர வழியே இல்லை. மதிப்பாக ஒட்ட மறந்தால், தாளில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், பிறகு யாராவது கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. இதையெல்லாம் திரையில் எல்லோரும் பார்க்கச் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் கடைசி வரை இருப்பதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுகிறீர்கள். அதை வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம்தான் சொல்கிறீர்கள். நேரத்துக்கு வந்தவர்கள் தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருக்கிறோம். கடைசி வரை இருந்தவர்கள் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போகிறோம். பரிசு மட்டும் வராதவரின் பெயருக்குப் போகிறது. கடைசி வரை யாரும் ஏன் இருக்க வேண்டும்?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்களும் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டதைக் கைவிட மாட்டேன். அரங்கில் இருப்பவர்களுக்கு மட்டும் குலுக்கல், ஒருவருக்கு ஒரு பரிசு. அடுத்த விழா அழைப்பிதழிலேயே இந்த இரண்டையும் அச்சிட்டு, குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவும் எழுதி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எடுத்து வைத்திருக்கும் அந்த இரண்டாம் பரிசை இன்னும் கொடுக்கவில்லையென்றால், அன்று வேலை செய்த தொண்டர்களுக்குள் குலுக்கிக் கொடுங்கள். டோக்கன் கிழித்துக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
சங்க உறுப்பினர் ஒருவர்