நகராட்சி ஆணையருக்கு: நீட்டிப்புக்கு முன் ஒரு தணிக்கை

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பாதாள சாக்கடைத் திட்டத்துக்கு மீண்டும் கால நீட்டிப்பு தரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். பின்னணி உங்களுக்குத் தெரியாததல்ல. கட்டுமானத் திட்டமிடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: கையெழுத்திடும் முன், ஒப்பந்ததாரரையும் உங்கள் பொறியியல் பிரிவையும் சாராத ஒருவரைக் கொண்டு திட்டத்தின் நிலையைத் தணிக்கை செய்யுங்கள்.

எங்கள் தெருவில் குழாய் பதித்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. தோண்டிய சாலை அப்படியே கிடக்கிறது. ஆள்நுழைவுத் தொட்டிகளின் மூடிகள் முழங்கால் உயரத்துக்குத் துருத்தி நிற்கின்றன. ஆம்புலன்ஸ் தெருமுனையோடு நின்றுவிடும். டயாலிசிஸுக்குப் போகும் எதிர்வீட்டுப் பெரியவரை நாற்காலியில் வைத்துத்தான் தூக்கிப் போகிறோம். கழிவுநீர் லாரியும் முன்போலவே வந்து போகிறது. ஆனால், உங்கள் அறிக்கையில் 82 சதவீதப் பணி முடிந்துவிட்டது!

அந்தச் சதவீதம் பதித்த குழாயின் நீளம். நீரேற்று நிலையம் அடித்தளத்தைத் தாண்டவில்லை. அது இயங்காமல் ஒரு சொட்டுக் கழிவுநீரும் நகராது. மீட்டர் கணக்கில் பணம் கிடைத்தால் ஒப்பந்ததாரர் புதுத் தெருவைத்தான் தோண்டுவார், பழைய தெருவை முடிக்க மாட்டார். நோயின் வேர் இதுவாக இருக்கலாம். அதை உறுதி செய்வதற்குத்தான் தணிக்கை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 100 கோடி ரூபாய்த் திட்டத்தில் இன்றைக்குள் 80 கோடிக்கான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்ததோ 48 கோடிக்கானது. செலவு 64 கோடி. 48-ஐ 80-ஆல் வகுத்தால் 0.6: வேகம் அவ்வளவுதான். 48-ஐ 64-ஆல் வகுத்தால் 0.75: செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் முக்கால் ரூபாய் வேலைதான் நடந்திருக்கிறது. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு ஏறக்குறைய 133 கோடி. கடினமான வேலைகள் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தால் இதுவும் குறைவான மதிப்பீடே. உங்கள் திட்டத்துக்கு இந்த எண்கள் என்ன? ஆய்வுக் கூட்டங்களில் தேநீர் பரிமாறப்பட்ட செய்தி வருகிறது, இவை வருவதில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். தணிக்கையாளர் அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும். சில பகுதிகளிலாவது இரு தொட்டிகளுக்கிடையே விளக்கும் கண்ணாடியும் வைத்துக் குழாய் நேராக இருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களப் பொறியாளர்களை மேலதிகாரிகள் இல்லாமல் தனித்தனியே விசாரிக்க வேண்டும்; நீரேற்று நிலையம் நின்றது நிலத்தாலா, வடிவமைப்பாலா, நிலுவைப் பணத்தாலா என்பது அப்போதுதான் வெளிவரும்.

மீட்புத் திட்டம் அதற்குப் பிறகு. புதிதாகத் தோண்டுவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு மண்டலத்தை வீட்டு இணைப்பு முதல் நீரேற்று நிலையம் வரை முடித்து ஓட விடுங்கள். மீதிப் பணத்தை மீட்டருக்கு அல்லாமல் இயங்கும் இணைப்புகளுக்குக் கொடுக்க ஒப்பந்தத்தில் வழி உண்டா என்று சட்டப் பிரிவிடம் கேளுங்கள்.

தணிக்கை அறிக்கையை நகர்மன்றக் கூட்டத்தில் வைக்கும்வரை நீட்டிப்புக் கோப்பை நிறுத்திவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி பாக்கி இல்லாத ஒரு குடியிருப்பாளர்