சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வட்ஸ்அப்பைக் கைப்பற்றி வெளிநாட்டு உறவுகளிடம் காசு கேட்கும் மோசடி பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. 'யாருக்கும் ஓ.ரி.பி. இலக்கத்தைச் சொல்லாதீர்கள்' என்ற அறிவுரையும் கூடவே வருகிறது. அது சரியான அறிவுரைதான். ஆனால் யாருக்கும் எதையும் சொல்லாத ஒருவரிடமிருந்தும் தொலைபேசி இலக்கத்தைப் பறிக்கலாம். மருதனார்மடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அண்மையில் கடைக்கு வந்த ஒரு விடயத்தை, ஆளை அடையாளம் காட்டாமல், எழுதுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவருடைய போனில் சிக்னல் கோடுகள் மறைந்து No Service என்று வந்திருக்கிறது. ரவரில் ஏதோ பிழை என்று விட்டுவிட்டார். அதே நிறுவனத்தின் சிம் போட்ட பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போன் நன்றாக வேலை செய்தது. அந்த ஒரு ஒப்பீட்டிலேயே சங்கதி விளங்கியிருக்க வேண்டும், ஆனால் யாருக்குத்தான் தோன்றும்? சனிக்கிழமை காலை கடைக்கு வந்து, "தம்பி, இதை ஒருக்கா ஃபோமற் அடிச்சுத் தாங்கோ" என்றார்.

நான் அடிக்கவில்லை. போனிலும் பிழை இல்லை, சிம்மிலும் பிழை இல்லை. உங்களுடைய இலக்கம் உண்மையில் அந்தச் சின்ன அட்டைக்குள் இருப்பதில்லை. இன்ன இலக்கத்துக்கு வரும் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் இன்ன சிம்முக்கு அனுப்பு என்று நிறுவனத்தின் கணினியில் ஒரு பதிவு இருக்கிறது. போன் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிய சிம் எடுக்கும்போது மாறுவது அந்தப் பதிவுதான். மாறிய கணத்தில் பழைய சிம் செத்துவிடும். சொந்தக்காரர் போய்க் கேட்டால் அதற்குப் பெயர் சேவை. அவருடைய அடையாள அட்டைப் பிரதியோடோ போலி அட்டையோடோ வேறொருவன் போய்க் கேட்டால் அது சிம் மாற்று மோசடி.

அந்தப் பிரதிக்கு நம்மூரில் பஞ்சமே இல்லை. வாடகை வீடு, தவணைக்கு வாங்கிய மோட்டார் சைக்கிள், ஏஜென்சி என்று எங்கும் கொடுத்து வைத்திருக்கிறோம். பழைய அட்டையின் இலக்கமே பிறந்த திகதியைச் சொல்லிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே 'பாதுகாப்புக்காக உங்கள் பிறந்த திகதியைச் சொல்லுங்கள்' என்று கேட்பதில் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. இது நமக்கு மட்டும் வந்த வியாதியும் அல்ல. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் எக்ஸ் கணக்கையே இப்படித்தான் பிடித்தார்கள். போலி அடையாள அட்டையோடு ஒருவன் தொலைபேசிக் கடைக்குப் போய் சிம் எடுத்திருந்தான்.

ஆசிரியையின் விடயத்துக்கு வருகிறேன். இலக்கம் கைமாறியதும் திருடன் முதலில் போனது ஜீமெயிலுக்கு. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால், மீட்புக்காகப் பதிந்த தொலைபேசிக்குக் குறியீடு வரும். அது இப்போது அவன் கையில் இருக்கும் போனுக்குத்தானே வரும். உள்ளே போனதும் கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கத்தையும் மாற்றிவிட்டான். அஞ்சல்பெட்டியில் வங்கியின் மாதக் கணக்கறிக்கைகள் இருந்தன. அவற்றைத் திறக்கும் கடவுச்சொல் அடையாள அட்டை இலக்கம். கணக்கு இலக்கம் அதற்குள் இருந்தது. இணையவழி வங்கியின் கடவுச்சொல்லை மாற்றக் குறைவாக இருந்தது ஓ.ரி.பி. மட்டும்தான், அதுவும் அவனுக்கே போனது. கடைசியாக வட்ஸ்அப். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியாருக்கு 'அவசரம், ஒன்றரை இலட்சம் வேணும்' என்று செய்தி போயிருக்கிறது. அவர் அழைத்துப் பார்த்தபோது 'மைக் பழுது, எழுதுங்கோ' என்று பதில் வர, நம்பி அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை நாங்கள் செய்த முதல் வேலை, என்னுடைய போனிலிருந்து நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு எடுத்து அந்த இலக்கத்தை முடக்கச் சொன்னது. புதிய சிம் கேட்பது பிறகு. முடக்கினால் அவருக்கும் இல்லை, திருடனுக்கும் இல்லை. அந்த நேரத்தில் அதுவே பெரிய லாபம். அடுத்ததாக வங்கியின் 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்து இணையவழி வங்கியையும் அட்டையையும் நிறுத்தினோம். ஒரு தொகை ஏற்கெனவே போயிருந்தது. எத்தனை மணிக்கு முறையிட்டோம் என்பதையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொண்டோம். பிறகு வங்கியோடு வழக்காட அந்தக் குறிப்பும் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும்தான் கைகொடுத்தன.

சிக்கல் தொடங்கியது சிம்மில்தான். அது அவருடைய பெயரில் இல்லை. பிரான்சுக்குப் போன மகன் போவதற்கு முதல் தன்னுடைய அடையாள அட்டையில் வாங்கிக் கொடுத்தது. முடக்குவதற்கே மகன் அங்கிருந்து பேச வேண்டியிருந்தது. புதிய சிம் தருவதென்றால் மகனே நேரில் வரவேண்டும், அல்லது உறுதிப்படுத்திய அதிகாரக் கடிதம் வேண்டும் என்றார்கள். இத்தனை வருடமும் அந்த இலக்கத்துக்கு றீலோட் போட்ட தாய்க்கு இந்தச் சட்டம். மகன் என்று சொல்லிக்கொண்டு வந்த எவனோ ஒருவனுக்கு எந்தக் கடிதத்தைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இங்கே நாட்கள் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். மீட்பு இலக்கமோ மீட்பு அஞ்சலோ மாற்றப்பட்டால், அதற்குப் பிறகு 7 நாட்கள் வரை பழைய இலக்கத்துக்கும் குறியீடு அனுப்பும் வாய்ப்பை கூகுள் வைத்திருக்கிறது. இப்படியான திருட்டுக்காகவே வைத்த ஏற்பாடு அது. மீட்புப் பக்கத்தில் Try another way என்பதை அழுத்திப் போனால் வரும். ஆனால் அந்த ஏழு நாளுக்குள் பழைய இலக்கம் உங்கள் கைக்குத் திரும்பியிருக்க வேண்டும். கடிதமும் கையெழுத்துமாக நாட்கள் ஓடி, வியாழக்கிழமைதான் சிம் கிடைத்தது. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

ஃபோமற் அடிக்காமல் விட்டதன் பலனும் அப்போதுதான் கிடைத்தது. கணக்கை மீட்கக் கேட்பவர் உண்மையான ஆளா என்று பார்க்கும்போது, வழக்கமாகப் பாவிக்கும் போனா, வழக்கமான இடமா என்பதையும் கூகுள் பார்க்கிறது. ஆகவே அதே பழைய போனை, கடையில் வைத்து அல்ல, அவருடைய வீட்டு வைஃபையில் இணைத்துச் செய்தோம். சிக்னல் போனதும் போனைத் துடைத்துவிடுபவர்கள் தங்களுடைய சிறந்த சாட்சியையே அழித்துவிடுகிறார்கள். கடைக்காரர்களுக்கும் இது தெரிய வேண்டும்.

இலக்கம் திரும்பியதும் எல்லாம் சரி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சிம்மை முடக்கினாலும் திருடனின் கணினியில் திறந்திருக்கும் ஜீமெயில் திறந்தபடியே இருக்கும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் Your devices என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாத கருவிகளை வெளியேற்ற வேண்டும். மீட்பு இலக்கம், மீட்பு அஞ்சல், கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியின் பூட்டைக் கொண்டே உள்ளே விடும் பாஸ்கீ என்று அவன் சேர்த்தவற்றை நீக்க வேண்டும். எல்லோரும் தவறவிடும் இடம் ஜீமெயில் அமைப்புகளில் உள்ள வடிகட்டிகளும் முன்னனுப்பலும். ஆசிரியையின் பெட்டியில் ஒரு வடிகட்டி இருந்தது. வங்கியின் பெயர் உள்ள எந்த அஞ்சலும் வந்தவுடன் குப்பைத்தொட்டிக்குப் போகும்படி அவன் எழுதி வைத்திருந்தான். அதை நீக்கியிராவிட்டால் வங்கி அனுப்பிய எச்சரிக்கை எதையும் அவர் கண்டிருக்க மாட்டார்.

வட்ஸ்அப்புக்கும் ஒரு ஏழு நாள் கணக்கு இருக்கிறது. புதிய சிம்மில் பதிந்து குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்கத்தைப் போட்டவுடன் திருடன் வெளியே போய்விடுவான். ஆனால் அவன் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கென்று PIN எனப்படும் இரகசிய இலக்கம் ஒன்றை வைத்திருந்தான். அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் அந்த நாட்களில் அவனாலும் உள்ளே வர முடியாது என்று சொல்லித்தான் ஆசிரியையைத் தேற்றினேன். இப்படியொரு PIN இலக்கத்தை அவர் முன்பே வைத்திருந்தால் அந்தக் காத்திருப்பு திருடனுடையதாகியிருக்கும். ஒரு நிபந்தனை: PIN இலக்கத்தை மறந்தால் மாற்றுவதற்காகக் கொடுக்கும் அஞ்சல் திருட்டுப் போகாத அஞ்சலாக இருக்க வேண்டும். எனவே ஜீமெயிலின் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியிலிருந்து, குறியீட்டைப் போனிலேயே உருவாக்கும் அங்கீகரிப்புச் செயலிக்கு மாற்றி, கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளையும் கடதாசியில் எழுதி, உறுதிப் பத்திரங்களோடு அலுமாரியில் வைக்கச் சொன்னேன். மீட்பு இலக்கத்தையும் எடுத்துவிட்டோம். அது இருக்கும்வரை சிம்மைப் பிடித்தவன் அந்த வழியைத் தட்டிப் பார்ப்பான்.

வாசகர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. போனில் #132# என்று அழுத்தினால் அந்த சிம் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். இடப்பெயர்வுக் காலத்தில் யாரோ ஒருவரின் அட்டையில் வாங்கியது, கொழும்பில் படித்தபோது சிநேகிதன் எடுத்துத் தந்தது, காலமான அப்பாவின் பெயரில் இருப்பது என்று யாழ்ப்பாணத்தில் எத்தனை சிம்கள் ஓடுகின்றன என்பது என் போன்ற கடைக்காரர்களுக்குத் தெரியும். பெயர்க்காரர் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பொலிஸோடு இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இப்படியான ஊடுருவலைக் குற்றமாக்கியிருக்கிறது.

தனிமனிதர்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான். மிகுதி நிறுவனங்களின் கையில் இருக்கிறது. இந்தியாவில் சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரத்துக்குப் புதிய சிம்மில் குறுஞ்செய்தி வராது. ஓ.ரி.பி. வராவிட்டால் திருடனுக்கு சிம்மால் பயனில்லை, பழைய சிம் செத்ததைக் கவனித்து முறையிட உரியவருக்கும் ஒரு நாள் கிடைக்கிறது. உண்மையாகவே போனைத் தொலைத்தவருக்கு அது ஒரு நாள் கரைச்சல், ஒப்புக்கொள்கிறேன். வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டால் அது சின்னக் கரைச்சல்.

உங்கள் நிருபர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பதிலைப் பிரசுரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த 24 மணி நேரத் தடையை இங்கே ஏன் கொண்டுவரக் கூடாது? மாற்றுவதற்கு முன் பழைய சிம்முக்கு ஒரு செய்தி அனுப்பி, மறுக்க அவகாசம் கொடுத்தால் என்ன? வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயரில் உள்ள சிம்களை, அவற்றை இங்கே பாவிப்பவர்களின் பெயருக்கு மாற்ற யாழ்ப்பாணத்திலேயே முடிக்கக்கூடிய ஒரு நடைமுறையை எப்போது தருவார்கள்?

இங்ஙனம்,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
மருதனார்மடம்.