பிளஸ் டூ மாணவர்களின் பெற்றோருக்கு: இணைப்பு, தன்னாட்சி, நிகர்நிலை – என்ன வித்தியாசம்?

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்குகிறது. இந்த நாட்களில் அலுவலகத்துக்கு வருகிற பெற்றோரில் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “அது தன்னாட்சிக் கல்லூரியாம் சார், அப்போ பட்டம் அண்ணா யூனிவர்சிட்டி பட்டம் இல்லையா? வெளிநாட்டுல செல்லுமா?” ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இது இல்லை. அதனால் எழுதியே அனுப்புகிறேன். கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இதில் பாதி பொருந்தும். ஆனால் குழப்பம் அதிகம் இருப்பது பி.இ., பி.டெக். படிப்பில் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1956-ஆம் ஆண்டின் யுஜிசி சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கும், அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் நிகர்நிலை என்று அறிவிக்கப்பட்ட நிறுவனத்துக்கும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனத்துக்கும் மட்டுமே உண்டு. கல்லூரிக்குக் கிடையாது, அது எவ்வளவு பழைய, பேர்போன கல்லூரியாக இருந்தாலும் சரி. ஆகவே தன்னாட்சிக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் தருவது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகம்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவருக்கும், இணைப்புக் கல்லூரியில் படித்தவருக்கும் பி.இ. பட்டம் அண்ணா பல்கலைக்கழகப் பட்டம். தன்னாட்சி என்பது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. 1978-லேயே சென்னை லயோலா போன்ற கல்லூரிகளுக்கு அது வழங்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? பாடத்திட்டத்திலும் தேர்விலும்.

இணைப்புக் கல்லூரியில் பாடத்திட்டம் பல்கலைக்கழகம் போட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘ரெகுலேஷன் 2017’, ‘ரெகுலேஷன் 2021’ என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது இதைத்தான். மாநிலம் முழுக்க ஒரே பாடம், ஒரே வினாத்தாள், ஒரே நாளில் தேர்வு. விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்குப் போய், முகம் தெரியாத வேறு கல்லூரி ஆசிரியர் கையில் திருத்தப்படும். 2021 ரெகுலேஷனில் எழுத்துத் தாளுக்கு அகமதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. முந்தைய ரெகுலேஷனில் அது 20-க்கு 80 ஆக இருந்தது. இதில் ஒரு வசதி உண்டு: பழைய வினாத்தாள், சீனியர்களின் குறிப்பு, புத்தகம் எல்லாம் எங்கும் கிடைக்கும். அசௌகரியம் என்னவென்றால், ஒரு பாடத்தில் தவறினால் பொதுவாக அடுத்த பருவத் தேர்வு வரை அரியரைச் சுமக்க வேண்டும். முடிவு வரவும், மறுமதிப்பீட்டு முடிவு வரவும் நாள் பிடிக்கும்.

தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டத்தைக் கல்லூரியின் துறைதோறும் இருக்கும் பாடத்திட்டக் குழு வகுக்கிறது. அந்தக் குழுவில் பல்கலைக்கழகம் நியமிக்கும் ஒருவர், வெளிக் கல்லூரிப் பேராசிரியர்கள், தொழில் துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் இருக்க வேண்டும். குழு சொல்வதை மேலே உள்ள கல்விப் பேரவை ஏற்க வேண்டும். தேர்வை நடத்துவது கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். முடிவு சீக்கிரம் வரும். இறுதியாண்டு மாணவர் ஒரு தாளில் தவறினால் உடனடித் துணைத்தேர்வு வைக்கும் கல்லூரிகளும் உண்டு. வேலைக்கான ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஓர் அரியரோடு நிற்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஆனால் வினாத்தாளும் திருத்தலும் கல்லூரிக்குள்ளேயே சுற்றினால் மதிப்பெண் தாராளமாகும். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது “வினாத்தாள் எடுப்பதில், திருத்துவதில் வெளி ஆசிரியர்கள் எவ்வளவு பேர்?” என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிற கல்லூரி என்றால் எனக்கு அதன் மீது நம்பிக்கை வரும். பாடத்திட்டக் குழுவின் கூட்டக் குறிப்புகளை இணையதளத்தில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் எல்லாமே அதன் கையில்: சேர்க்கை, பாடத்திட்டம், தேர்வு, பட்டம். அரசின் பொறியியல் கலந்தாய்வில் இவை வராது. தனி நுழைவுத் தேர்வோ தனி சேர்க்கை முறையோ வைத்திருப்பார்கள். பாடத்தை வேகமாகப் புதுப்பிப்பதிலும் விருப்பப் பாடங்களிலும் நல்லவை மிக நன்றாகச் செய்கின்றன. நிகர்நிலைப் பட்டம் மட்டம் என்று நினைப்பது தவறு. சட்டத்தின் கண்ணில் அது முழுப் பட்டம். இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். ஒன்று, நீங்கள் சேர்க்கப்போகும் வளாகமும் படிப்பும் அனுமதி பெற்றவையா என்பது. தலைமை வளாகத்துக்கு அனுமதி இருப்பதாலேயே வேறு ஊரில் திறந்த கிளைக்கும் இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டு, நேரில் போய்ப் படிக்கும் படிப்பா என்பது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதியின்றித் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் தொடர்பாக 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ நடத்தும் தேர்வை எழுதித் தேற வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. வேலையில் சேர்ந்து பல வருடம் ஆனவர்கள் அவர்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் இந்நிறுவனங்கள் வெறுமனே ‘யூனிவர்சிட்டி’ என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி உத்தரவிட்டது.

சரி, வெளிநாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மேற்படிப்புக்குப் போவது ஒன்று. அங்கே பொறியாளராக அங்கீகாரம் பெறுவது மற்றொன்று.

மேற்படிப்புக்கு அவர்கள் பார்ப்பது பட்டம் கொடுத்தது யார், மதிப்பெண் என்ன என்பதை. ஜெர்மனி நம் மாணவர்களிடம் 2022 நவம்பரிலிருந்து ஏபிஎஸ் சான்றிதழ் கேட்கிறது. அது ஆவணங்கள் உண்மையானவையா என்று சரிபார்ப்பது. அங்கே ‘அனபின்’ என்ற தளத்தில் நிறுவனத்தின் தகுதியைப் பார்ப்பார்கள். கல்லூரிப் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு “இல்லையே” என்று பதற வேண்டாம். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். எல்லாப் பருவ மதிப்பெண்களையும் தொகுத்துத் தரும் டிரான்ஸ்கிரிப்ட் விஷயத்தில்தான் பிள்ளைகள் அலைகிறார்கள். பொதுவாக மதிப்பெண் பட்டியல் எங்கே அச்சானதோ டிரான்ஸ்கிரிப்டும் அங்கிருந்துதான் வர வேண்டும். இணைப்புக் கல்லூரி மாணவர் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மதிப்பீட்டு நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடும். தன்னாட்சிக் கல்லூரியில் மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவிலிருந்தும் பட்டம் பல்கலைக்கழகத்திலிருந்தும் வருவதால் இரண்டு வாசலையும் தட்ட வேண்டிவரும். நிகர்நிலையில் ஒரே வாசல்.

பொறியாளர் அங்கீகாரம் வேறு கதை. 2014 ஜூனில் இந்தியா, படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்பிஏ வழியாக வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று சமமாக மதிப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் என்பிஏ கல்லூரிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைகளும் டையர் 1. சாதாரண இணைப்புக் கல்லூரிகள் டையர் 2. உடன்படிக்கையின் பலன் டையர் 1-இல் என்பிஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டும். அங்கீகாரம் கல்லூரிக்கு அல்ல, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட காலத்துக்கு. வளாக வாசலில் பெரிய எழுத்தில் மாட்டியிருக்கும் நாக் தரம் வேறு. அது நிறுவனம் முழுவதையும் பார்த்துக் கொடுப்பது.

மூன்று பிள்ளைகள் ஒரே வருடம் சிவில் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடம் கழித்து மூவரும் ஆஸ்திரேலியாவுக்குக் குடியேற விண்ணப்பிக்கிறார்கள். அங்கே தகுதியை மதிப்பிடுவது ‘என்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா’ என்ற அமைப்பு. முதல் பிள்ளை படித்தது இணைப்புக் கல்லூரி; சிவிலுக்கு என்பிஏ இருந்தது, ஆனால் டையர் 2. உடன்படிக்கை வழி மூடியிருக்கிறது. சிடிஆர் என்ற நீண்ட அறிக்கை எழுத வேண்டும்: தான் செய்த பொறியியல் வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் என்ன முடிவெடுத்தேன், எப்படிக் கணக்கிட்டேன் என்பதோடு. சிரமம்தான், ஆனால் முடியாததில்லை. இரண்டாவது பிள்ளை தன்னாட்சிக் கல்லூரி. “எங்கள் கல்லூரிக்கு டையர் 1 என்பிஏ” என்று விளம்பரத்தில் இருந்தது உண்மை. ஆனால் அது மெக்கானிக்கலுக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும். சிவிலுக்கு இல்லை. அவரும் சிடிஆர் வரிசைக்கே போகிறார். மூன்றாவது பிள்ளை நிகர்நிலை. சிவிலுக்கு டையர் 1 அங்கீகாரம் இருந்தது. ஆனால் அது அவர் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது காலாவதியாகி, புதுப்பிக்கப்படவில்லை. பட்டம் பெற்ற வருடம் அந்தக் காலத்துக்குள் வராததால் அவருக்கும் அதே வரிசை. இதே மூவரும் ஜெர்மனியில் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தால் இந்த என்பிஏ கணக்கே வந்திருக்காது.

அதனால் என்பிஏ தளத்தில் கல்லூரி, துறை, டையர், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்ற நான்கையும் பாருங்கள். சேரும்போது காலம் மீதமிருப்பது நல்ல அறிகுறி; பிள்ளை வெளியே வரும் வருடம் வரை புதுப்பிப்பார்களா என்பதைத் துறைத் தலைவரிடம்தான் கேட்க வேண்டும்.

வளைகுடா நாட்டு வேலைக்கு மூன்று வகைப் பட்டத்துக்கும் நடைமுறை ஒன்றுதான்: மாநில உயர்கல்வித் துறைச் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம், அமீரகம் போன்ற நாடுகளுக்கு அதற்கும் மேல் தூதரக முத்திரை.

எங்கே சேர்ந்தாலும் அந்த வருட ரெகுலேஷனின் முழுப் பாடத்திட்டத்தையும் தரவிறக்கிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பாடவாரியான விவரம் கேட்கும்போது, தன்னாட்சிக் கல்லூரிகளின் தளத்தில் பழைய பாடத்திட்டம் பெரும்பாலும் இருக்காது.

விருப்பப் பட்டியல் போடும் முன் கல்லூரிப் பெயர்களை எழுதிக்கொண்டு மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள். கணினி அறையில் உட்கார்ந்து யுஜிசி தளத்தையும் என்பிஏ தளத்தையும் சேர்ந்தே பார்க்கலாம். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்