பொருள்: ஆட்ட நாள் சுற்றுலாத் திட்டத்தில் இருந்த பிழைகள், பணம் திருப்பித் தருவது குறித்து

பெறுநர்: மேலாளர், சுற்றுலா நிறுவனம்

ஐயா,

காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் ஞாயிறு இரவு 7 மணிக்கு நடந்த இருபது ஓவர் ஆட்டத்தை முன்வைத்து, கோவையிலிருந்து வந்த உறவினர் ஆறு பேருக்காக உங்களிடம் மூன்று நாள் சுற்றுலா பதிவு செய்திருந்தேன். ஓட்டுநர் மீது குறை இல்லை. உங்கள் அலுவலகம் எழுதித் தந்த நேர அட்டவணைதான் கோளாறு.

சனிக்கிழமை முழுவதும் ஓய்வு என்று விட்டுவிட்டு, ஆட்டம் நடக்கும் ஞாயிறன்று விவேகானந்தர் பாறையையும் திற்பரப்பு அருவியையும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்கள். படகு காலை 8 மணிக்குத்தான் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை ஏறவும் வரிசை, பாறையிலிருந்து திரும்பவும் வரிசை. நீங்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிய இடத்தில் கரைக்கு வரும்போது மணி 11.45. திற்பரப்பில் குளித்து, சாப்பிட்டுக் கிளம்ப 3.30 ஆகிவிட்டது. களியக்காவிளை தாண்டினால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று வழியெல்லாம் நெரிசல். ஆட்ட நாளில் மைதானம் பக்கம் வண்டியை விடமாட்டார்கள், தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். இருக்கையில் உட்காரும்போது பவர்பிளே முடிந்துவிட்டது. டிக்கெட் வாங்கியதே அதைப் பார்க்கத்தான்.

இதைவிடப் பெரிய தவறு, இரவுத் தங்கலைக் கன்னியாகுமரியிலேயே வைத்தது. மைதானத்திலிருந்து அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்து வண்டி நகரவே 11.45 ஆனது, அறைக்கு வந்தது 2.45. அட்டவணையிலோ காலை 5 மணிக்குச் சூரிய உதயம்! யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்கவும் முடியாது.

அப்புறம் திங்கள் 10 மணிக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. அது நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. தக்கலையில் எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

அதே மூன்று நாளில் இதைச் சரியாகவே செய்திருக்கலாம். சனிக்கிழமை காலை ரயிலில் வந்தவர்கள் சற்று உறங்கி எழுந்து, மதியம் படகில் போயிருக்கலாம். 4 மணி வரை படகு உண்டு. ஞாயிறு காலை நிதானமாக எழுந்து, அறையைக் காலி செய்து, திருவனந்தபுரம் போகும் வழியிலேயே இருக்கும் அரண்மனையை 10 மணிக்குப் பார்த்துவிட்டு, மார்த்தாண்டத்தில் சாப்பிட்டிருந்தால் 4 மணிக்குள் கழக்கூட்டம் சேரலாம். அங்கேயே அறை போட்டிருந்தால் ஒரு குளியல், ஒரு சிறு தூக்கம், பிறகு மைதானம். திற்பரப்பு திங்களுக்கு; ஈரத் துணியோடு யாரும் ஆட்டம் பார்க்க வேண்டியதில்லை.

ஆகவே ஞாயிறு இரவின் அறை வாடகையையும், திங்கட்கிழமை வண்டி வாடகையையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்கிறேன். தவறினால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். உங்கள் அட்டவணையின் நகலும் பணம் கட்டிய ரசீதும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
முன்பதிவு செய்தவர்,
நாகர்கோவில்