அடையாள ஆவணப் படங்களை அழியுங்கள், அழித்ததை எழுத்தில் சொல்லுங்கள்: வீட்டு ஏஜெண்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

வாடகை வீடு பார்த்துத் தரும் நிறுவனத்தின் உரிமையாளருக்கும் அங்கே பணிபுரியும் ஏஜெண்டுகள் அனைவருக்கும்,

வணக்கம்.

போன வாரம் அறிமுகமில்லாத ஓர் எண்ணிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. என் பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கம் அது. படத்துக்கு மேலே "Forwarded" என்ற குறி. கீழே, "இது நீங்கள்தானே? இன்னும் வீடு தேடுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி. அனுப்பியவரை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. படம் எங்கிருந்து கிளம்பியது என்று அவரிடம் கேட்க வேண்டிய தேவையும் எனக்கு இருக்கவில்லை. வீட்டுக்காக ஆவணம் அனுப்பும்போதெல்லாம் படத்தின் குறுக்கே யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தேன் என்று எழுதித்தான் அனுப்புவேன். அவர் அனுப்பிய படத்தின் குறுக்கே உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. "வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்ற வரியும் இருக்கிறது.

உங்கள் மூலம் வீடு அமையவில்லை என்பதும், அப்போதே படங்களை அழித்துவிடும்படி கேட்டேன் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. "டெலிட் பண்ணியாச்சு" என்று உங்கள் ஏஜெண்ட் பதில் அனுப்பினார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. உரையாடலில் இருந்த படத்தை அவர் அழித்திருக்கலாம். ஆனால் அழிக்க வேண்டியது அந்த ஒரு படம் மட்டும் அல்ல. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்தப் படம் உங்களிடம் வந்த பிறகு எங்கெல்லாம் போயிருக்கும் என்று பாருங்கள். ஏஜெண்டின் போனில் தானாகத் தரவிறங்கும் வசதி திறந்திருந்தால், உரையாடலில் தெரிவது போக, போனின் சேமிப்பிலும் "WhatsApp Images" என்ற ஃபோல்டரில் அந்தப் படம் உட்கார்ந்திருக்கும். அந்த ஃபோல்டரை கூகுள் ஃபோட்டோஸ் காப்புப்பிரதி எடுக்கும்படி வைத்திருந்தால் அங்கே ஒரு நகல். ஐபோன் என்றால், படங்களைச் சேமிக்கும் வசதி திறந்திருக்கும்போது Photos செயலியில் ஒரு நகல். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து விண்ணப்பத்தை நிரப்பினார் என்றால் "Downloads" ஃபோல்டரில் ஒரு நகல். வீட்டு உரிமையாளருக்கு ஒன்று, ஏஜெண்டுகள் குழுவுக்கு ஒன்று. இவ்வளவுக்கும் மேல், வாட்ஸ்அப் உரையாடல்களையே காப்புப்பிரதி எடுத்திருந்தால் அதற்குள்ளும் ஒன்று, அடுத்த காப்புப்பிரதி வந்து பழையதை மாற்றும்வரை. உரையாடலில் அழுத்திப் பிடித்து "டெலிட்" கொடுத்தால் இவற்றில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும். குழுவில் அனுப்பியது தனிச் செய்தி. மூலத்தை அழித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

அனுப்பிய நானே இழுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் "Delete for everyone" என்பதற்கு இரண்டு நாளைக்குச் சற்று மேல்தான் அவகாசம். வீடு கிடைக்குமா கிடைக்காதா என்று நீங்கள் சொல்லவே அதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டீர்கள். அவகாசத்துக்குள் அழித்திருந்தாலும், எதிரில் இருப்பவர் ஐபோனின் Photos-இல் ஏற்கெனவே சேமித்த படம் போகாது என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. கணினியில் இறக்கி வைத்ததும் போகாது. அனுப்பிய விரல் என்னுடையது என்றாலும் அழிக்கும் விரல் உங்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

என் பக்கம் செய்ய வேண்டியதை நான் செய்து முடித்துவிட்டேன். எந்த ஆவணத்தை, எந்தத் தேதியில், உங்களுடைய எந்த எண்ணுக்கு அனுப்பினேன் என்று முதலில் குறித்துக்கொண்டேன். உரையாடலை அழித்துவிட்டால் அப்புறம் எதை அழிக்கச் சொல்லிக் கேட்பது? அதன் பிறகுதான் உரையாடலில் இருந்த படங்களை அழித்தேன். ஆண்ட்ராய்டில் நாம் அனுப்பும் படங்கள் "WhatsApp Images" ஃபோல்டருக்குள் "Sent" என்ற இன்னொரு ஃபோல்டரிலும் தங்கும். அதையும் காலி செய்தேன். கேமராவில் எடுத்த மூலப்படம், குறுக்கே எழுதிய நகல், இரண்டும் கேலரியிலிருந்து போயின. குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். கூகுள் ஃபோட்டோஸில் காப்புப்பிரதியான படம் அழித்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும், ஐபோனின் "Recently Deleted"-இல் 30 நாளுக்குக் குறையாமல் கிடக்கும். சொந்த ஆவணத்துக்கே இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் எத்தனை குடும்பங்களின் ஆவணங்கள் இருக்கின்றன?

என் பாஸ்போர்ட்டோடு அம்மாவின் அடையாள அட்டையையும் கேட்டு வாங்கினீர்கள். வீட்டில் குடியிருக்கப் போகும் எல்லோருடையதும் வேண்டும் என்றீர்கள். அம்மா தயங்கினார். நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். என் படம் சுற்றுகிறது என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ என்னோடது?" என்பதுதான். எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. அவருடைய முழுப்பெயர், பிறந்த தேதி, முகம், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கின்றன. கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

இப்போது அவர் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுப்பதே இல்லை. மருத்துவரைப் பார்க்கும் நேரம் மாறியிருக்கிறது என்று சொல்ல வந்த அழைப்பைக்கூட எடுக்கவில்லை. நாங்கள் கேட்காத ஓடிபி ஒன்று அவர் போனுக்கு வந்தது. அன்று இரவு முழுக்க, தன் பெயரில் யாரோ கடன் வாங்கப் போகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தார். அந்த ஓடிபிக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் சொல்ல முடியாது. தொடர்பு இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியாது. ஏனென்றால் அந்தப் படம் யார் யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது. வயதான ஒரு பெண்மணி தன் போனைப் பார்த்தே பயப்படுகிறார் என்பதை உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

என் கோரிக்கை இதுதான்: எங்கள் இருவரின் படங்களையும் அவை இருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் அழியுங்கள், அழித்ததை எழுத்தில் சொல்லுங்கள்.

இது பெரிய வேலை அல்ல. ஏஜெண்ட் தன் வாட்ஸ்அப்பில் Settings, Storage and data, Manage storage என்று போய் எங்கள் உரையாடலைத் தேர்ந்தெடுத்தால், அதில் இன்னும் மிச்சமிருக்கும் படங்களும் கோப்புகளும் ஒரே இடத்தில் தெரியும். அங்கே அழித்த பிறகு கேலரியையும் கூகுள் ஃபோட்டோஸையும் தனியாகப் பார்க்க வேண்டும். கூகுள் ஃபோட்டோஸின் தேடலில் "passport" என்று தட்டினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். பிறகு குப்பைத்தொட்டி, பிறகு கணினியின் "Downloads". எல்லாம் முடிந்ததும் புதிதாக ஒரு காப்புப்பிரதி. குழுவில் போட்டது பழையதாகிவிட்டிருந்தால் உங்களால் திரும்ப எடுக்க முடியாது. அப்போது குழுவில் உள்ளவர்களிடம் பெயர் சொல்லிக் கேட்டு அழிக்கச் செய்ய வேண்டியது, அங்கே போட்ட உங்கள் பொறுப்பு.

இதை எழுதும்போதே இன்னொன்றும் மனதை அறுக்கிறது. வீட்டை எங்களுக்குக் காட்டுவதற்கு முன்பே முழு ஆவணமும் ஏன் வேண்டும்? மூலை வெட்டுப்படக் கூடாது, வெளிச்சம் அடிக்கக் கூடாது, எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மூன்று முறை எடுக்க வைத்தீர்கள். ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்பியபோது, சாதாரணமாக அனுப்புங்கள் என்றீர்கள். பாஸ்போர்ட் எண்ணை மறைத்துத் தரலாமா என்றால் கூடாது என்றீர்கள். மேலே இருக்கும் எண்ணை மட்டும் மறைத்தும் பயனில்லை என்பது வேறு விஷயம். அந்தப் பக்கத்தின் அடியில் 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கின்றன, பெயரும் எண்ணும் பிறந்த தேதியும் காலாவதித் தேதியும் அவற்றிலும் உண்டு. வீடு பார்க்க வருபவர் யார் என்று தெரிந்துகொள்ள நேரில் அட்டையைக் காட்டினால் போதாதா? ஒப்பந்தம் எழுதும் நாளில் நகல் வாங்கினால் என்ன குறைந்துவிடும்? வாங்கும்போது இருக்கும் கறார் வைத்திருக்கும்போது ஏன் இல்லை?

கோபத்தில் எழுதுகிறேன் என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் உங்களுக்குள்ள கட்டுப்பாடுகளையும் நான் மறக்கவில்லை. ஒப்பந்தம் முடித்த வாடிக்கையாளர்களின் ஆவண நகலைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் சொல்கிறது. எங்களுக்கும் அப்படி ஏதாவது பொருந்தும் என்றால் எந்த விதியின்படி, எவ்வளவு காலம், யார் பொறுப்பில் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த நகல் அலுவலகக் கோப்பில் பூட்டி இருக்க வேண்டும். ஏஜெண்டின் சொந்த போனில், குடும்பப் படங்களுக்கு நடுவே இருக்க எந்தச் சட்டமும் கேட்காது. அவர் நாளை வேலையை விட்டுப் போனால் அந்த போனும் அவரோடு போகும்.

நீங்கள் எல்லாவற்றையும் அழித்தீர்களா என்று என்னால் சோதித்துப் பார்க்க முடியாது. காலியான திரையைப் படம் பிடித்து அனுப்பினாலும் அது எதையும் நிரூபிக்காது. அதனால்தான் உங்கள் சொல்லை எழுத்தில் கேட்கிறேன். நாளை அந்தப் படம் மறுபடி எங்காவது தலைகாட்டினால், இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார் என்று காட்ட என்னிடம் ஒரு காகிதமாவது இருக்க வேண்டும்.

ஆகவே தயவுசெய்து இந்த மாத முடிவுக்குள் மின்னஞ்சலில் பதில் அனுப்புங்கள். படங்கள் எந்தெந்த போன்களிலும் கணினிகளிலும் இருந்தன, யார் யாருக்கு அனுப்பப்பட்டன, அவர்கள் அழித்துவிட்டதாகச் சொன்னார்களா, எதையாவது சட்டப்படி வைத்திருக்கிறீர்களா என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். கையொப்பம் உரிமையாளருடையதாக இருக்கட்டும். அம்மாவின் அட்டையைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதுங்கள், அவரிடம் அதை அப்படியே படித்துக் காட்ட வேண்டும். பதிலோடு ஆவணப் படங்களை மட்டும் தயவுசெய்து மறுபடி இணைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்களிடம் வீடு தேடி வந்த ஒரு வாடிக்கையாளர்