பேக்கிங் மேசையில் பார்கோடு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அண்மையில் எங்களிடம் எழுதுபொருள் வாங்கியவர்கள் பார்சலில் இரண்டு புது விஷயங்களைப் பார்த்திருப்பீர்கள். சில பொருள்களின் மேல் கறுப்புக் கோடுகள் அச்சிட்ட சிறிய வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. பில்லோடு வரும் சீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராக அதன் பார்கோடு எண்ணும், அது எத்தனை தடவை ஸ்கேன் ஆனது என்பதும் இருக்கின்றன. இது என்ன, எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பார்சலில் தவறான பொருள் வந்துவிட்டால் இந்தச் சீட்டு உங்களுக்கே பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கறுப்பு ஜெல் பேனா 0.5 மி.மீ. மூன்று, அதே பேனாவில் 0.7 மி.மீ. ஒன்று, நீல ரீஃபில் இரண்டு. 0.5-ம் 0.7-ம் ஒரே உடல், ஒரே மூடி. மூடியின் நுனியில் பொடி எழுத்தில் இருக்கும் எண் மட்டும்தான் வேறு. அலமாரியில் அடுத்தடுத்த டப்பாக்களில் இருப்பவை. நாள் முழுக்க இவற்றையே எடுத்துக்கொண்டிருப்பவரின் கை நாலையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துவிடும். கண்ணும் அதைச் சரியென்றே நம்பிவிடும், ஏனென்றால் பில்லில் படித்ததைத்தான் அது பேனாவிலும் பார்க்கிறது.

ஸ்கேனர் அப்படி எதையும் எதிர்பார்த்துப் பார்ப்பதில்லை. பேக் செய்பவர் முதலில் ஆர்டர் சீட்டின் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். அந்த ஆர்டரின் பட்டியல் திரையில் வரும். பிறகு ஒவ்வொரு பொருளாக ஸ்கேன் செய்து பெட்டிக்குள் வைக்கிறார். முதல் மூன்று 0.5 பேனாவுக்கும் திரையில் எண்ணிக்கை ஏறும். நாலாவதாக இன்னொரு 0.5 வந்தால், பட்டியலில் அதற்கு இடமில்லை. திரை சிவப்பாகி நீண்ட ஒலி வரும். அதை எடுத்து வைத்துவிட்டுச் சரியான பேனாவை ஸ்கேன் செய்யும் வரை ஆர்டர் முடியாது.

இங்கே நாங்கள் கண்டிப்பாக இருக்கும் ஒரு விஷயம், ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு மற்றதற்கு எண்ணிக்கையைத் தட்டச்சு செய்வதில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் அந்த வசதி இருக்கிறது, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு பேனாவை ஸ்கேன் செய்து "3" என்று தட்டினால் மிச்ச இரண்டு பேனாவை யாருமே சரிபார்க்கவில்லை என்றுதான் பொருள். அதனால் பத்து பென்சில் என்றால் பத்து தடவை ஸ்கேன். பார்சல் கிளம்பக் கொஞ்சம் நேரம் கூடத்தான் ஆகும், அதைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கிறோம்.

அட்டைப்பெட்டியாக வரும் சரக்கில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பன்னிரண்டு பேனா கொண்ட பாக்கெட்டுக்குத் தனி பார்கோடு, உள்ளே இருக்கும் ஒற்றைப் பேனாவுக்குத் தனி பார்கோடு. மேலுறை கண்ணாடி போலத் தெரிகிற பிளாஸ்டிக்காக இருந்தால், ஸ்கேனர் உள்ளே இருக்கும் பேனாவின் கோடுகளைப் படித்துவிடும். பாக்கெட் ஒன்று கேட்டவருக்கு ஒற்றைப் பேனா போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில் ஏறும், அல்லது ஆர்டரில் இல்லாத பொருள் என்று ஒலி எழும்பும். அப்படிப்பட்ட பாக்கெட்டுகளில் உள்கோடு தெரியாதபடி மேலே பாக்கெட்டுக்குரிய ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறோம். வெள்ளை ஸ்டிக்கரில் ஒரு பகுதி இதற்காக.

இன்னொரு பகுதி, ஒரே பார்கோடில் பல நிறங்கள் வரும் பொருள்களுக்காக. சில நோட்டுகளில் உற்பத்தியாளரே சிவப்பு அட்டைக்கும் பச்சை அட்டைக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுகிறார். நீங்கள் பச்சை கேட்டால், சிவப்பை ஸ்கேன் செய்தாலும் "சரி" என்றுதான் வரும். அதனால் நிறவாரியாக எங்கள் சொந்த எண்ணை ஒட்டுகிறோம். அவை 2-இல் தொடங்கும். 13 இலக்க பார்கோடுகளில் 200 முதல் 299 வரை தொடங்கும் எண்கள் எந்த உற்பத்தியாளருக்கும் கொடுக்கப்படாமல் இதுபோன்ற உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உற்பத்தியாளர் போட்ட எந்த எண்ணோடும் எங்கள் எண் மோதாது.

கோடுகள் கசங்கி ஸ்கேன் ஆகாவிட்டால் எண்ணைக் கையால் தட்ட வேண்டிவரும். அப்போது கடைசி இலக்கம் துணைக்கு வருகிறது. உதாரணமாக 2000000011578 என்ற எண்ணில், முதல் பன்னிரண்டு இலக்கங்களை இடம்விட்டு இடம் 1-ஆலும் 3-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 32 வரும். அடுத்த பத்தின் மடங்கான 40-ஐத் தொட இன்னும் 8 வேண்டும். அந்த 8-தான் கடைசி இலக்கம். ஒரே ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் இந்தக் கணக்கு இடிக்கும், கணினி ஏற்காது.

பொருள்கள் எல்லாம் சரியாக இருந்தும் பார்சல் வேறொருவர் வீட்டுக்குப் போய்விடலாம். மேசையில் இரண்டு ஆர்டர்கள் திறந்திருந்து முகவரிச் சீட்டு மாறிவிட்டால் அப்படித்தான் ஆகும், ஸ்கேன் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஆர்டர்தான். கடைசிப் பொருள் ஸ்கேன் ஆன பிறகுதான் முகவரிச் சீட்டே அச்சாகும். அப்புறம் எடை பார்ப்போம். ஸ்கேன் செய்த நோட்டு பெட்டிக்குள் போகாமல் மேசையிலேயே தங்கிவிட்டால் எடை குறைந்து தெரியும். ஒற்றை ரீஃபில் விடுபட்டால் மட்டும் எடையில் தெரியாது, அட்டைப்பெட்டிக்குப் பெட்டி எடை மாறுவதே அதைவிட அதிகம்.

இவ்வளவு செய்தாலும் ஸ்கேனர் பார்ப்பது பொருளின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை மட்டுமே. உள்ளே இருப்பது அதுதானா என்று அதற்குத் தெரியாது. பச்சை நோட்டுக்குரிய ஸ்டிக்கர்கள் ஒரு கட்டு சிவப்பு நோட்டுகளின் மேல் ஒட்டப்பட்டால், அந்தக் கட்டு முழுவதும் தவறு, ஆனால் ஒவ்வொரு தடவையும் "சரி" என்றே வரும். ஆகவே சரக்கு வந்து ஸ்டிக்கர் ஒட்டும் இடத்தில்தான் நாங்கள் அதிகக் கவனம் வைக்கிறோம். ஒருவர் ஒட்ட, இன்னொருவர் கட்டுக்கு ஒன்றை எடுத்து ஸ்கேன் செய்து, திரையில் வரும் பெயரையும் கையிலிருக்கும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அலமாரிக்குப் போகும். அளவுக்கு வெட்டித் தரும் தாள்களுக்குப் பார்கோடே கிடையாது. அவற்றுக்கு நேராகச் சீட்டில் "கையால் எண்ணியது" என்று இருக்கும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. பொருள் மாறி வந்தால், உறையையும் ஸ்டிக்கரையும் கிழித்துப் போடாமல், பார்கோடின் கீழே இருக்கும் எண் தெரியும்படி ஒரு படமும், கூட வந்த சீட்டின் படமும் எடுத்து அனுப்புங்கள். பொருளில் இருக்கும் எண்ணும் சீட்டில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருந்தால், தவறு ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில். உங்களுக்குச் சரியான பொருளை அனுப்புவதோடு, அந்தக் கட்டு முழுவதையும் அலமாரியிலிருந்து இறக்கிப் பார்ப்போம். எண்கள் வேறாக இருந்தால், ஸ்கேன் ஆன பிறகு மேசையில் பொருள் மாறியிருக்கிறது. அது அந்த ஒரு பார்சலோடு போகலாம், அல்லது பக்கத்து ஆர்டருக்கும் மாறிப் போயிருக்கலாம். அதே நேரத்தில் பேக் ஆன ஆர்டர்களை உடனே தேடிப் பார்ப்போம். படம் எடுக்க முடியாவிட்டால் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைப் போனில் சொன்னாலும் போதும்.

அன்புடன்,
பேக்கிங் பிரிவினர்