அட்டை இல்லாத மாத்திரை

அன்புள்ள தம்பிக்கு,

சவுதியில் ஜுபைல் கேம்ப்புக்குப் போய்ச் சேர்ந்து ரூம் போட்டோ அனுப்பியிருந்தாய், பார்த்தோம். கீழ்க்கட்டில் கிடைத்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். இந்த வாரத்திலிருந்து ஷட்டவுன் வேலை, அதுவும் நைட் ஷிஃப்ட் என்றாய். அதைக் கேட்டதிலிருந்து உன்னிடம் ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் பக்கத்தில் அம்மா இருப்பாள், நீயும் தூக்கக் கலக்கத்தில் ம் ம் என்று கேட்டுக்கொண்டிருப்பாய். அதனால் அப்பா எழுதுகிறேன், நிதானமாகப் படி.

உன் அத்தான் லீவில் வந்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை நம் மெடிக்கல் கடைக்கு வந்தான். கூட்டம் இல்லாத நேரம், உள்ளே வரச்சொல்லி ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். நீ ஜுபைலில் ஷட்டவுனுக்குப் போகிறாய் என்றதும் அவன் முதன்முதலில் ஷட்டவுன் பார்த்தபோது நடந்ததைச் சொன்னான். இத்தனை வருஷமாக வீட்டில் யாரிடமும் சொன்னதில்லையாம்.

அப்போது அவனுக்கு உன் வயதுதான். சாரம் கட்டும் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறினால் காலை ஆறு வரைக்கும், வாரத்தில் ஏழு நாளும். ஷட்டவுன் என்றால் ஆலையையே நிறுத்தி வைத்துவிட்டுப் பார்க்கிற வேலை, ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் கம்பெனிக்குப் பெரிய நஷ்டம், அதனால் லீவு என்ற பேச்சே கிடையாது என்று உனக்கே சொல்லியிருப்பார்கள். பகலில் ரூமில் ஆறு பேர், அவர்களில் இரண்டு பேர் டே ஷிஃப்ட், ஏசி ஒரு மாதிரி சத்தம் போடும், தூக்கம் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு ராத்திரி மூன்று மணி இருக்கும், உயரத்தில் கிளாம்ப் முறுக்கிக்கொண்டிருந்தவனுக்குக் கண் தானாக மூடியிருக்கிறது. கையில் இருந்த ஸ்பானர் நழுவிவிட்டது. அது மணிக்கட்டில் கயிறு கட்டிய ஸ்பானர், அதனால் கீழே விழாமல் தொங்கியது.

இதைப் பக்கத்தில் நின்றவர் பார்த்துவிட்டார். அவரைப் பற்றி அத்தான் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை கற்றுக்கொடுத்தவர், ரொட்டி வாங்கினால் பாதி பிய்த்துக் கொடுப்பவர். டீ குடிக்க இறங்கியபோது சிகரெட் பெட்டிக்குள் இருக்குமே வெள்ளித்தாள், அதில் மடித்து வைத்திருந்த ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "இதில் பாதி போட்டுக்கோ, விடியும் வரைக்கும் தூக்கம் எட்டிப்பார்க்காது. நான் தினமும் போடுகிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?"

அத்தான் வாங்கிப் பார்த்தான். பழுப்பு கலந்த வெள்ளை, ஓரம் உதிர்ந்திருந்தது, மேலே இரண்டு பிறை மாதிரி ஒரு கோடு. "இதுக்குப் பேர் என்ன அண்ணே, அட்டை இல்லையா?" என்று கேட்டிருக்கிறான். பேரெல்லாம் தெரியாது, டிரைவர் ஒருவர் கொடுப்பார் என்று பதில். அப்போது அவன் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. "எங்க மாமா மெடிக்கல் வச்சிருக்கார், அட்டை இல்லாத மாத்திரையை வாயில் வைக்கக் கூடாதுன்னு பழக்கிட்டார், எனக்கு வேண்டாம் அண்ணே." பிரசங்கம் பண்ணவில்லை, அவரைக் குறை சொல்லவும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே, சரி, இப்போது வேண்டாம் என்றால் அப்புறம் போட்டுக்கோ என்று அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டார். மூத்தவர் ஆசையாகக் கொடுக்கிறார், வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தூக்கிப்போட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இவன் அந்த இடத்திலேயே பையிலிருந்து எடுத்து அவர் கையில் திருப்பி வைத்தான். அவர் முகம் சுருங்கிவிட்டதாம். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லையாம்.

தம்பி, அந்த மாத்திரை என்னவென்று அத்தானுக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் சொன்ன இரண்டு பிறையை வைத்துப் பார்த்தால் கேப்டகன் என்ற பேரில் அங்கே ஓடுகிற மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும். உண்மையான கேப்டகன் 1960களில் ஜெர்மனியில் வந்த மருந்து. ஒரு இடத்தில் உட்கார முடியாத பிள்ளைகளுக்கும், பகலில் திடீர் திடீரென்று தூங்கிவிழும் நோய் உள்ளவர்களுக்கும் கொடுத்தார்கள். பழக்கமாகிவிடுகிறது என்று 1986ல் உலக அளவில் கட்டுப்பாடு வந்தது, கம்பெனிகள் தயாரிப்பதை நிறுத்திவிட்டன. இப்போது அந்த முத்திரையோடு கிடைப்பது எல்லாம் திருட்டுத்தனமாக அச்சடித்தவை. பிடிபட்டதை லேபில் சோதித்தால் பெரும்பாலும் ஆம்ஃபெடமின் என்ற ஊக்க மருந்தும் கஃபீனும் இருக்கும், கூட வேறு ஏதாவது கலந்திருக்கும். ஒரு மாத்திரையில் இருக்கிற அளவு அடுத்த மாத்திரையில் இருக்காது. அதனால் 'நான் தினமும் போடுகிறேன்' என்று ஒருவர் சொல்வதில், நீ போடப்போகிற மாத்திரையைப் பற்றி எந்தத் தகவலும் கிடையாது. 2022 ஆகஸ்டில் ரியாத்தில் கோதுமை மாவுச் சரக்குக்குள்ளே கிட்டத்தட்ட 4 கோடியே 70 லட்சம் மாத்திரை பிடித்தார்கள். ஒரே சரக்கில் அத்தனை என்றால், உன் சைட்டில் ஒருவர் வெள்ளித்தாளை நீட்டுவது அபூர்வமாக இருக்காது.

அந்த மாத்திரை தூக்கத்தைப் போக்குவதில்லை, தூக்கம் வருகிறது என்று உடம்பு சொல்வதை உனக்குக் கேட்காமல் செய்கிறது. களைப்பு அப்படியே உள்ளே இருக்கும். கை வேகமாக ஓடும், எதையும் செய்துவிடலாம் என்று தைரியம் வரும், பெல்ட் கொக்கியை மாட்டாமல் நாலு அடி நகர்ந்து போனால் என்ன என்று தோன்றும். உயரத்தில் நிற்பவனுக்கு அந்தத் தைரியம் தூக்கத்தைவிட மோசம். அப்புறம் வெயில். கடல் ஓரம் என்பதால் அங்கே கோடையில் ராத்திரியிலும் புழுக்கம் குறையாது. இந்த மருந்து உடம்புச் சூட்டை ஏற்றும், சூடு வெளியே போக வேண்டிய தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், போதும் நிறுத்து என்று சொல்லும் களைப்பையும் மறைத்துவிடும். 1967ல் டாம் சிம்ப்சன் என்ற இங்கிலாந்து சைக்கிள் வீரர் பிரான்சில் ஒரு மலைப்பாதையில், கடும் வெயிலில், பந்தயத்தின் நடுவே விழுந்து செத்துப்போனார். அவர் உடம்பில் இருந்ததும் ஆம்ஃபெடமின். நல்ல பயிற்சி உள்ள உடம்பு, 29 வயது.

போடுபவர்களைப் பார்த்தாலே கொஞ்சம் தெரியும். அத்தான் சொன்னதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. மாத்திரை கொடுத்தவர் தாடையை அசைத்துக்கொண்டே இருப்பாராம், பல்லை நறநறவென்று கடிப்பாராம், வாய் காய்ந்து உதட்டை நக்கிக்கொண்டே இருப்பாராம். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பும். இரண்டு மூன்று நாள் இப்படி ஓடிவிட்டு ஒரு நாள் முழுக்க எழுப்ப முடியாமல் தூங்குவார், எழுந்தால் எரிந்து எரிந்து விழுவார், அதைச் சரிபண்ண அடுத்த மாத்திரை. அவர் எங்கேயும் விழவில்லை, பிடிபடவும் இல்லை. ஷட்டவுன் முடிந்து வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்கு என்ன ஆனதோ என்று அத்தான் இன்னும் கவலைப்படுகிறான்.

பையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், நீ சாப்பிட்டாயா இல்லையா என்பது பிறகுதான். கேட்டில் சோதனை போடும்போது அது யார் பையில் இருக்கிறதோ அவனுடையது. 'எனக்கு ஒருவர் கொடுத்தார்' என்று எந்த மொழியில் சொல்லுவாய்? சவுதியில் வெளிநாட்டுக்காரனுக்கு ஜெயில், அது முடிந்ததும் நாடு கடத்தல். போதைமருந்துக் கடத்தல் என்று கேஸ் ஆனால் மரண தண்டனை வரை போகும், நடுவில் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்திருந்ததை 2022 நவம்பரிலிருந்து மறுபடி நிறைவேற்றுகிறார்கள். சாப்பிட்டவனுக்கும் சிறுநீரில் இரண்டு மூன்று நாள் வரைக்கும் தெரியும். வாங்கிக்கொண்டு பிறகு எறியலாம் என்று ஒருபோதும் நினைக்காதே, கையிலேயே வாங்காதே.

உடம்பு வலிக்கு என்று ட்ரமடாலும் இப்படி லூசாகச் சுற்றும். 2018க்கு முன்னால் நம் ஊரில் சாதாரணச் சீட்டுக்கே கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரை, இப்போது இங்கேயே போதைமருந்துச் சட்டத்தில் இருக்கிறது. அளவு கூடினால் வலிப்பு வரும். வலி என்றால் கேம்ப் கிளினிக்கில் போய்க் கேள். மருந்து கொடுத்தால் அட்டையில் பேர், பேட்ச் நம்பர், தேதி இருக்கிறதா என்று பார், சீட்டைக் கிழித்துப் போடாதே. சளி மாத்திரை சிலதே சோதனையில் ஆம்ஃபெடமின் மாதிரி காட்டிவிடும், அந்தச் சமயத்தில் சீட்டுதான் பேசும்.

அன்றைக்கு ராத்திரி அத்தான் எப்படிச் சமாளித்தான் என்று கேட்டேன். நேராக ஃபோர்மேனிடம் போய், தூக்கம் வருகிறது, உயரத்தில் நிற்க முடியவில்லை, கீழே ஏதாவது வேலை கொடுங்கள் என்றானாம். கன்னாபின்னாவென்று திட்டு. ஆனால் இறக்கிவிட்டார், விடியும் வரைக்கும் பைப் எடுத்துக் கொடுக்கிற வேலை. திட்டு வாங்கினால் வாங்கிக்கொள் தம்பி, அதில் ஒன்றும் குறைந்துவிடாது.

நைட் ஷிஃப்டில் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான் உடம்பு ரொம்பத் தொய்ந்துபோகும், எல்லோருக்கும் அப்படித்தான். டீயை ஷிஃப்ட்டின் முதல் பாதியில் குடி. மூன்று மணிக்குக் குடிக்கிற டீயில் பாதி காலை எட்டு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும், பகல் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் ராத்திரி இன்னும் மோசமாகும். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு இருபது நிமிஷம் அலாரம் வைத்துக் கண்ணை மூடு, எழுந்ததும் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு அப்புறம் ஏறு. கட்டிலைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிக்கொள், காதுக்குப் பஞ்சு வை. அத்தான் பிற்பாடு அப்படித்தான் பண்ணினானாம், ஐந்தரை ஆறு மணி நேரம் தூங்க முடிந்ததாம்.

யாராவது நீட்டினால் என்ன சொல்வது என்று யோசிக்காதே. அத்தான் மாதிரியே என்னைச் சாக்குச் சொல்லிவிடு, அப்பா மெடிக்கல் வைத்திருக்கிறார், அவரிடம் கேட்காமல் எதையும் போட மாட்டேன் என்று. அது பொய்யும் இல்லை.

போகும்போது பையில் வைத்துக் கொடுத்த மாத்திரை அட்டைகளை எல்லாம் வரிசையாக வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அம்மா அவளாக எதையாவது சேர்த்து வைத்திருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். அங்கே மூன்று மணி என்றால் இங்கே ஐந்தரை, நான் எழுந்து கடைக்குக் கிளம்புகிற நேரம்தான், இடைவேளையில் தூக்கம் தள்ளினால் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா